ஒத்தவற்றை நீக்கினால் எஞ்சுவதே தகராறு

நாகபுரிக் கிளையில் கடன் பிரிவைக் கவனித்து வந்த காலத்தில், ஒரு பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது வாரத்தில், லாரி உரிமையாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். 16 லாரிகளைக் கொண்டு நடக்கும் கூட்டாண்மை நிறுவனம் அவருடையது. ராய்ப்பூர் ஆலைகளிலிருந்து கட்டடக் கம்பிகளை ஏற்றிவந்து, நாகபுரிக்கு வெளியே உள்ள ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் கிடங்கில் இறக்குவது அவருடைய முதன்மையான தொழில். அன்று அவர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, தற்காலிகமாகக் கூடுதல் கடன் வேண்டி எழுதிய விண்ணப்பம். மற்றொன்று, அந்த வணிக நிறுவனத்துக்கு அனுப்புவதற்காக வழக்கறிஞர் தயாரித்திருந்த நோட்டீஸ்.

“சார், ஜனவரி பில் 7,30,000 ரூபாய். அவர்கள் கொடுத்தது 5,94,971 ரூபாய். மீதி 1,35,029 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேட்டால், ‘உங்கள் பில் எங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை’ என்கிறார்கள். திங்கட்கிழமை முதல் லாரிகளை நிறுத்தப் போகிறேன்” என்றார் அவர். ஓட்டுநர்களின் சம்பளமும் லாரிக் கடனின் மாதத் தவணையும் அந்தப் பணத்தை நம்பியே இருந்தன. அவருடைய கோபம் போலியானதன்று.

ஆனால் அந்த நோட்டீஸை வாசித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அதில் ஒரு தொகை இருந்தது. கோரிக்கை எதுவும் இல்லை. 1,35,029 ரூபாய் வரவேண்டும் என்று எழுதியிருந்ததே தவிர, எந்த லாரிக்கு, எந்த நாளுக்கு, எதற்காக என்ற விவரம் ஒன்றும் காணப்படவில்லை. எதிர்த்தரப்பின் பதிலும் அவ்வாறே இருந்தது. இரு கூட்டுத்தொகைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

என் கருத்து இதுதான். இரண்டு கூட்டுத்தொகைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை ஒரு தகராறு என்று கொள்ளக்கூடாது. அது பல வேறு இயல்புடைய தொகைகள் சேர்ந்த ஒரு குவியல். அவற்றுள் சில காத்திருந்தால் தானாக வந்து சேரும். சில வேறொரு வடிவில் ஏற்கெனவே வந்துவிட்டவை. சில நம்முடைய பிழை. சில அவர்களுடைய பிழை. இவற்றையெல்லாம் பிரித்து எடுத்த பின்னர் எஞ்சுவது மட்டுமே பேசித் தீர்க்கவேண்டிய உண்மையான வேறுபாடு. அதைப் பிரிக்காமல் தொடங்கும் பேச்சு, எவ்வளவு நியாயமான மனிதர்களுக்கு இடையே நடந்தாலும், குரல் உயர்வதில்தான் முடியும்.

அந்த உரிமையாளரிடம் நான் முதலில் கேட்டுக்கொண்டது, வணிக நிறுவனத்தின் கணக்கறிக்கையை வரிவாரியாக வாங்கிவரும்படிதான். அவரிடம் இருந்தது ‘ஜனவரி: இவ்வளவு ஏற்கப்பட்டது, இவ்வளவு செலுத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரிச் சுருக்கம். அதை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு நடைக்கும் அவர்கள் எந்த எடையை, எந்த விலையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று காட்டும் விவரம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைத் தரமாட்டா என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் தராததற்குக் காரணம், யாரும் கேட்பதில்லை என்பதே. அவர்களுடைய மென்பொருளில் அந்த விவரம் இருந்தால்தான் கூட்டுத்தொகையே வந்திருக்கும். இவரும் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே அறிக்கை கைக்கு வந்தது.

இப்போது எங்கள் முன் இரு பட்டியல்கள். உரிமையாளரின் பில்லில் 27 வரிகள்: லாரி நடைக்கு 24 வரிகள், கிடங்கில் லாரி காத்துக் கிடந்ததற்கு, ஹால்டிங் என்று தொழிலில் சொல்லப்படும் கட்டணத்துக்கு, 3 வரிகள். டன்னுக்கு 1,200 ரூபாய் வீதம் 600 டன்னுக்கு 7,20,000 ரூபாய். ஐந்து நாள் ஹால்டிங்குக்கு, நாளொன்றுக்கு 2,000 வீதம், 10,000 ரூபாய். வணிக நிறுவனத்தின் அறிக்கையில் நடைக்கு 21 வரிகள், அவற்றின் கூட்டு 6,28,440 ரூபாய், அதன்கீழ் ‘எடைக் குறைவு’ என்று 20,900 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட், டி.டி.எஸ். 12,569 ரூபாய், பிறகு வங்கிவழிச் செலுத்திய 5,94,971 ரூபாய். சரக்குப் போக்குவரத்துக்கான ஜி.எஸ்.டி.யை இவர்களுக்கிடையே சேவையைப் பெறுபவரே நேரடியாகச் செலுத்தும் முறை இருந்ததால், பில்லில் வரிக்கான பத்தி இல்லை. வரி சேர்ந்த பில்லாக இருந்தால், வரிக்கு முந்தைய மதிப்பைத் தனியாகவும் வரியைத் தனியாகவும் ஒப்பிட வேண்டும். சேர்த்து ஒப்பிட்டால் ஒரு பிழை இரண்டாகத் தோன்றும்.

அடுத்த கேள்வி, எதைக் கொண்டு ஒரு வரியை மற்றொரு வரியோடு பொருத்துவது என்பது. உரிமையாளர் லாரியின் பதிவெண்ணைக் கொண்டு பார்க்க விரும்பினார். ஆனால் ஒரே லாரி ஒரு மாதத்தில் நான்கு முறை வந்துபோகும். தொகையைக் கொண்டு பொருத்தலாம் என்றால், எங்கே பிழை இருக்கிறதோ அங்கேதான் தொகை மாறியிருக்கும். ஒரு நடைக்கு ஒரே ஒரு முறை மட்டும் வழங்கப்படுவதும், இரு தரப்பிலும் எழுதப்படுவதுமான ஓர் எண் வேண்டும். சரக்கு ஏற்றும்போது எழுதப்படும் எல்.ஆர். என்ற லாரி ரசீதின் எண்தான் அது. ஜனவரியில் இவருடைய எல்.ஆர். எண்கள் 4408இல் தொடங்கி 4430இல் முடிந்தன.

எண்ணும் எடையும் இரண்டும் ஒத்திருந்த வரிகளைப் பென்சிலால் இரு பட்டியல்களிலும் அடித்துக்கொண்டே வந்தோம். 19 வரிகள் அடிபட்டன. இருபது நிமிட வேலை. மூன்று வாரச் சச்சரவில் இந்த 19 நடைகளுக்கும் சேர்த்தே இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒரு ரூபாய் வேறுபாடும் இல்லை.

நூற்றுக்கணக்கான வரிகள் உள்ளவர்கள் இதைக் கணினியின் விரிதாளில் செய்யலாம். நம் எண்களை ஒரு தாளின் A பத்தியிலும், எதிர்த்தரப்பின் எண்களை இரண்டாவது தாளின் A பத்தியிலும் இட்டு, நம் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இந்த ஒரு சூத்திரத்தை எழுதினால் போதும்:

```
=COUNTIF(Sheet2!A:A,A2)
```

விடை 0 என்றால் அந்த எண் அவர்களிடம் இல்லை. 1 என்றால் இருக்கிறது. 2 என்றால் இருமுறை இருக்கிறது. இதே சோதனையை நம் பத்திக்குள்ளேயும் நடத்திப் பார்க்க வேண்டும். அதை ஏன் செய்ய வேண்டும் என்பது சற்று நேரத்தில் விளங்கும். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி தட்டச்சாகி இருந்தாலும் கணினி ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அடிபடாமல் எங்கள் பக்கம் எஞ்சியவை 8 வரிகள்: நடைக்கானவை 5, ஹால்டிங்குக்கானவை 3. அவர்கள் பக்கம் நடைக்கானவை 2 வரிகளும், டெபிட் நோட்டும், டி.டி.எஸ்.ஸும். இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்ட வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டவை எல்.ஆர். 4429, 4430. இவை ஜனவரி 30, 31ஆம் நாள்களில் ராய்ப்பூரில் ஏற்றப்பட்டு, பிப்ரவரி முதலிரண்டு நாள்களில் கிடங்கை அடைந்தவை. ஏற்றிய நாளை வைத்து இவர் ஜனவரி பில்லில் சேர்த்திருந்தார். இறக்கிய நாளை வைத்து அவர்கள் பிப்ரவரிக் கணக்கில் பதிந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து 50 டன், 60,000 ரூபாய். வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி இதுவே. யாரும் மறுக்காத பணம் இது. வங்கிக் கணக்கை நம் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிடும்போது, நாம் எழுதிக்கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வராததால் இருப்பு வேறுபடுகிறதே, அதைப் போன்றதுதான் இதுவும். அதற்காக யாரும் வங்கிமீது வழக்குத் தொடுப்பதில்லை.

அடுத்தது டி.டி.எஸ். ஒப்பந்தப் பணிக்குக் கூட்டாண்மை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவர் 2 விழுக்காடு வருமான வரியைப் பிடித்துக் கட்டவேண்டும். 6,28,440 ரூபாய்க்கு அது 12,569 ரூபாய். இது இவருடைய பணமே. இவருடைய பெயரில் அரசிடம் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு சோதனை தேவை. பிடித்ததாக அறிக்கையில் எழுதினால் மட்டும் போதாது. இவருடைய பான் எண்ணின்கீழ் வருமான வரித் துறையின் இணையதளத்தில் அத்தொகை தோன்ற வேண்டும். காலாண்டு விவரம் தாக்கலான பிறகும் தோன்றவில்லையென்றால், அப்போது அது உண்மையான வேறுபாடாகிவிடும். சிறு லாரி உரிமையாளர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு: பத்து அல்லது அதற்குக் குறைவான சரக்கு வண்டிகளை வைத்திருப்பவர், அதற்கான உறுதிமொழியைப் பான் எண்ணுடன் எழுதிக் கொடுத்தால் இந்தப் பிடித்தமே இல்லை. இவரிடம் 16 வண்டிகள் இருந்ததால் இவருக்கு அது பொருந்தவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் உரிமையாளரின் முகத்தை மாற்றியது. எல்.ஆர். 4417 எங்கள் பட்டியலிலேயே இருமுறை இருந்தது. அந்த நடையில் பண்டாரா அருகே லாரி பழுதாகி, சரக்கை வேறொரு லாரிக்கு மாற்றி ஏற்றியிருந்தார்கள். ரசீது ஒன்றே; லாரிகள் இரண்டு. பில் எழுதிய ஊழியர் ஒவ்வொரு லாரியின் குறிப்பேட்டையும் பார்த்து எழுதியதால், ஒரே 24.5 டன் இரண்டு வரிகளாகிவிட்டது. 29,400 ரூபாய் வரவேண்டிய பணமே அன்று. லாரிப் பதிவெண்ணைக் கொண்டு ஒப்பிட்டிருந்தால் இந்தப் பிழை என்றுமே தெரியவந்திராது. வழக்கறிஞர் நோட்டீஸ் போயிருந்தால், நியாயம் கேட்டவரே பொய்க்கணக்கு எழுதியவராக நின்றிருப்பார்.

நான்காவது, எங்களிடம் 4426 என்று ஒரு வரி. அவர்களிடம் 4462 என்று ஒரு வரி. இவருடைய ஜனவரிப் புத்தகத்தில் 4462 என்ற எண்ணே கிடையாது. நாள் ஒன்று, எடை 25.1 டன் ஒன்று. தட்டச்சில் இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவே. தொகையில் வேறுபாடு ஏதும் இல்லை. ஆனால் வரிவாரியாகப் பார்க்காதவர், ‘எங்கள் நடை ஒன்று விடுபட்டது’ என்று இவரும், ‘உங்கள் ரசீதே இல்லாத நடை ஒன்று இருக்கிறது’ என்று அவர்களும் வாதாட இது ஒன்றே போதும்.

ஐந்தாவது, எல்.ஆர். 4415. இரு பக்கமும் எண் இருந்தது, எடை வேறு. எங்களிடம் 25.36 டன், அவர்களிடம் 23.56 டன். வேறுபாடு 180 கிலோவின் பத்து மடங்கு, அதாவது 1.8 டன், ரூபாயில் 2,160. ஒரு வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் ஐயுற வேண்டும் என்பது கணக்கர்களின் பழைய அனுபவ அறிவு. 2,160 ஒன்பதால் வகுபடும். இது குறிப்பே தவிரச் சான்று ஆகாது. ஆலையின் எடைச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் 25.36 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. ஆக இது அவர்களுடைய பதிவுப் பிழை.

எஞ்சியவை இரண்டே: எடைக் குறைவுக்காகப் பிடித்த 20,900 ரூபாய், அவர்கள் ஏற்காத ஹால்டிங் கட்டணம் 10,000 ரூபாய்.

இங்கே பலர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். பெயர் சூட்டிய வேறுபாடுகளையெல்லாம் கூட்டி, அவை தொடக்கத்தில் இருந்த தொகைக்கு ரூபாய் பிசகாமல் சமமாகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்த மாதக் கணக்கில் வரும் நடைகள்: 60,000
டி.டி.எஸ்.: 12,569
எங்கள் பில்லில் இருமுறை எழுதியது: 29,400
அவர்களின் எடைப் பதிவுப் பிழை: 2,160
எடைக் குறைவு டெபிட் நோட்: 20,900
ஏற்கப்படாத ஹால்டிங்: 10,000
மொத்தம்: 1,35,029

ஐம்பது ரூபாய் மிஞ்சினாலும் ‘போகட்டும்’ என்று விடக்கூடாது. ஐம்பது ரூபாய் என்பது பெரும்பாலும் ஓர் ஐம்பது ரூபாய்ப் பிழை அன்று. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு பெரிய பிழைகளின் மீதி. அதே காரணத்தால், இரு தரப்பின் கூட்டுத்தொகைகள் தற்செயலாகச் சமமாக இருப்பதும் கணக்கு ஒத்துவிட்டது என்பதற்கு அடையாளமாகாது. வரிகள் ஒத்தால்தான் ஒத்தது.

1,35,029 ரூபாயாக இருந்த தகராறு இப்போது 30,900 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இதன்பிறகு எழுதும் கடிதத்தில் எதை முதலில் சொல்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம்முடைய பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உரிமையாளர் தயங்கினார். “அவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவே இல்லையே சார்” என்றார். உண்மைதான். ஆனால் அவர்களிடம் 21 நடைகள்தான் இருக்கின்றன. இவருடைய பில்லில் 24 நடைகள் இருக்கின்றன. என்றேனும் ஒருநாள் எண்ணுவார்கள். அன்று இவருடைய மற்ற வரிகளும் ஐயத்துக்கு உள்ளாகும். கடிதத்தின் முதல் பத்தியில் 29,400 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் இணைக்கப்பட்டது; இரண்டாம் பத்தியில் 4415இன் எடைச் சீட்டு நகல்; மூன்றாவதாகத்தான் இரண்டு கேள்விகள். இரு நாளில் அவர்களுடைய கணக்குப் பிரிவு மேலாளரே தொலைபேசியில் அழைத்து, நேரில் வரச் சொன்னார்.

உண்மையான வேறுபாடுகளைத் தீர்ப்பதற்குக் கணக்கு உதவாது. ஆவணமும் ஒப்பந்தமும்தான் உதவும். எடைக் குறைவை முதலில் எடுத்துக்கொண்டார்கள். எல்.ஆர். 4420இல் ஆலையில் 24.9 டன் ஏற்றப்பட்டது, கிடங்கில் 24.52 டன் என்று எடை வந்தது. 380 கிலோ குறைவு என்று, கிலோவுக்கு 55 ரூபாய் வீதம் பிடித்திருந்தார்கள். ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்ததும் ஒன்று தெரிந்தது: இரு எடைமேடைகளுக்கு இடையே 0.25 விழுக்காடு வரையிலான வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை என்று அதில் இருந்தது. அதன்படி 62 கிலோவை விட்டுவிட்டு 318 கிலோவுக்குத்தான் பிடித்திருக்கலாம். ஆக, குறைவு உண்மையே என்று வைத்துக்கொண்டாலும் தொகை தவறு.

குறைவு உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. சரக்கின் நிகர எடையைக் காண, சரக்கோடு கூடிய லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழிக்கிறோம். கிடங்கின் எடைச் சீட்டில் இருந்த காலி எடை, அதே லாரிக்கு டிசம்பரில் எழுதப்பட்ட காலி எடையோடு கிலோ பிசகாமல் ஒத்திருந்தது. காலி லாரியின் எடை அப்படி ஒத்திருப்பது மிக அரிது. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராம் கனக்கும். தொட்டியில் 300 லிட்டர் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே சுமார் 250 கிலோ வேறுபாடு வரும். தார்ப்பாயும் கயிறும் உதிரிச் சக்கரமும் வேறு. இறக்கிய பின் காலி லாரியை மீண்டும் நிறுக்காமல் பழைய எடையை எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. இதுவும் முழுச் சான்றாகாது. ஆனால் கம்பிகள் கட்டுக் கட்டாக வருபவை. கிடங்கின் காவலர் கையொப்பமிட்ட ரசீது நகலில் கட்டுகளின் எண்ணிக்கை ஆலையின் எண்ணிக்கையோடு ஒத்திருந்தது. குறைவு என்ற குறிப்பு எதுவும் இல்லை. மேலாளர் கிடங்கோடு பேசிவிட்டு டெபிட் நோட்டை முழுவதும் விலக்கிக்கொண்டார்.

ஹால்டிங் விவகாரம் அவ்வளவு நேராக முடியவில்லை. லாரி கிடங்கு வாயிலை அடைந்த பின் முதல் 24 மணிநேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதன்பின் நாளொன்றுக்கு 2,000 ரூபாய் என்பது ஒப்பந்தம். வாயில் பதிவேட்டைப் பார்த்ததில், மூன்று லாரிகளும் காத்திருந்தது உண்மை என்று தெரிந்தது. ஆனால் ஐந்து நாள்களில் இரண்டு, சனிக்கிழமை வந்த இரு லாரிகளுக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை. கிடங்கு அன்று விடுமுறை. ஞாயிறு கணக்கில் சேருமா என்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. லாரி நின்றது நின்றதுதான் என்கிறார் இவர். விடுமுறை நாளில் இறக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும் என்கிறார்கள் அவர்கள். இருவர் சொல்வதும் நியாயம். மூன்று நாளுக்கான 6,000 ரூபாயை அவர்கள் ஏற்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கான 4,000 ரூபாயை இவர் விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, இனிமேல் ஞாயிறும் கணக்கில் சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது.

ஆக, உண்மையிலேயே கருத்து வேறுபாடு என்று சொல்லத்தக்கதாக எஞ்சியது 4,000 ரூபாய். அதற்காகத்தான் லாரிகள் நிற்கவிருந்தன.

இதற்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதை அறிவேன். வியாபாரிகள் பலர் சொல்வார்கள்: “இவ்வளவு நேரம் செலவழிப்பானேன்? பாதிக்குப் பாதி பேசி முடித்துவிட்டால் உறவும் கெடாது, வேலையும் கெடாது.” இந்த வழக்கிலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். பாதி என்றால் ஏறக்குறைய 67,500 ரூபாய். ஆனால் அடுத்த மாதக் கணக்கில் இருந்த இரு நடைகளும் டி.டி.எஸ்.ஸும் மட்டுமே 72,569 ரூபாய். அதாவது, யாரும் மறுக்காத தொகையைவிடக் குறைவான ஒன்றைப் பெரிய மனத்தோடு பெற்றுக்கொண்டு, ‘ஜனவரிக் கணக்கு தீர்ந்தது’ என்று இவர் கையொப்பமிட்டிருப்பார். அந்த இரு நடைகளுக்குப் பிப்ரவரியில் பணம் கேட்கும்போது அடுத்த தகராறு பிறந்திருக்கும். வரிவாரியாகப் பார்த்ததில் இவர் கணக்கில் சேர்ந்தது 1,01,629 ரூபாய். விட்டது 33,400 ரூபாய். விட்டதில் 29,400 ரூபாய் இவருக்கு உரியதே அன்று. வேறுபாட்டைப் பிரிக்காமல் செய்யும் சமரசத்தில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று இருவருக்குமே தெரிவதில்லை.

சட்டமும் இதையே வேண்டுகிறது. குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றவரிடம் சரக்கோ சேவையோ பெறுபவர், ஒப்புக்கொண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாள்களுக்கு மிகாமல் பணம் செலுத்த வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. ஆனால் பெற்ற 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபம் நீங்கிய நாளிலிருந்துதான் காலக்கெடு தொடங்கும். ஆகவே ‘பில் ஒத்துவரவில்லை’ என்ற பொதுவான பேச்சை அப்படியே விட்டுவைப்பது விற்பவருக்கு நல்லதன்று. எந்த வரியில் ஆட்சேபம் என்று எழுதிக் கேட்டு வாங்கினால், மற்ற வரிகளுக்கான நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று சொல்ல அவருக்கு இடமுண்டு.

வங்கியின் பக்கத்திலிருந்து ஒரு சொல். கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதந்தோறும் தரும் வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலைக் கொண்டே எடுக்கத்தக்க தொகையை நாங்கள் கணிக்கிறோம். பெரும்பாலும் 90 நாள்களைக் கடந்த பாக்கிகளை அதில் சேர்ப்பதில்லை. பெயர் சூட்டப்படாத வேறுபாடுகள் அங்கேதான் போய்த் தேங்குகின்றன. இவருடைய பட்டியலில் அந்த 29,400 ரூபாயும் மாதக்கணக்கில் ‘சொத்தாக’ நின்றிருக்கும். தணிக்கையாளர் கேட்கும்போது விளக்கம் சொல்வதைவிட, ஐந்தாம் தேதிக்குள் கட்சிக்காரரின் அறிக்கையை வாங்கி, ஒத்தவற்றை அடித்து, எஞ்சியவற்றுக்குப் பெயரெழுதி, அடியில் இருவரும் கையொப்பமிட்டுவிடுவது எளிது.

அந்த உரிமையாளர் கூடுதல் கடனுக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நோட்டீஸ் அனுப்பப்படவில்லை. அடுத்த மாதம் முதல் அவருடைய பில்லில் லாரிப் பதிவெண் இருந்த முதல் பத்திக்கு எல்.ஆர். எண் வந்தது, பதிவெண் இரண்டாம் பத்திக்குப் போனது. மார்ச் மாதக் கணக்கிலும் வேறுபாடு வந்தது. அதை அவரே பிரித்து எழுதி, ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்.